55 ஆர்டர், 80 விற்பனை

இணையத்தில் சேலை விற்கும் ஒரு சிறு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களை ஏஜென்சி ஒன்று பார்த்துக்கொள்கிறது. திங்கட்கிழமை காலை கடைக்காரரின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி:

“வணக்கம் சார். உங்க விளம்பரங்களைத் தற்காலிகமா நிறுத்தியிருக்கோம். ஒவ்வொரு ஆர்டரும் மெட்டாவுல ரெண்டு தடவை பதிவாகுது. உங்களுக்கு வந்த ஆர்டரும் பணமும் சரியாத்தான் இருக்கு. கணக்குல மட்டும்தான் பிழை. புதன்கிழமை மாலைக்குள்ள சரிபார்த்துச் சொல்றோம்.”

“கணக்கு தப்புன்னா கணக்கைத் திருத்துங்க, விளம்பரத்தை ஏன் நிறுத்தணும்?” என்று அவர் கேட்பார். நியாயமான கேள்விதான்.

ஒருவர் சேலை வாங்கியதும் அந்தத் தகவல் மெட்டாவுக்கு இரண்டு வழிகளில் போகிறது. ஒன்று, வாங்கியவரின் பிரவுசரில் ஓடும் பிக்சல். மற்றது, கடையின் சர்வர். ஒரு வழி அடைபட்டாலும் மற்றது கைகொடுக்கட்டும் என்பதற்காகத்தான் இரண்டு. இரண்டு தகவலிலும் ஒரே event_id இருந்தால் மெட்டா ஒன்றைத் தள்ளிவிடும். இங்கே சர்வர் அந்த எண்ணை அனுப்பவில்லை.

பிழை பிடிபட்டது எளிய ஒப்பீட்டில். அந்த வாரம் கடைக்கு வந்த மொத்த ஆர்டரே 55. விளம்பரத்தால் மட்டும் 80 விற்பனை என்றது மெட்டா. உண்மையில் அது 40.

செலவு 30,000 ரூபாய். 80 ஆல் வகுத்தால் ஒரு விற்பனைக்கு 375. 40 ஆல் வகுத்தால் 750. ஒரு சேலையில் நிற்கும் லாபம் 600 ரூபாய். 225 ரூபாய் மிஞ்சுவதாக நினைத்த இடத்தில் 150 ரூபாய் கையைக் கடித்திருக்கிறது. அதைவிட, ‘ஒரு விற்பனைக்கு 400 ரூபாய்’ என்று மெட்டாவுக்கு இலக்கு கொடுத்திருந்தார்கள். இலக்கு எட்டிவிட்டதென்று நம்பி அது ஏலத்தில் தாராளமாகப் பணம் போட்டுக்கொண்டே இருக்கும். நிறுத்தியது அதற்காகத்தான். இலக்கு எதுவும் இல்லாமல் தினசரி பட்ஜெட் மட்டும் இருந்திருந்தால், விளம்பரத்தை ஓடவிட்டபடியே திருத்தியிருக்கலாம்.

நிறுத்தத்தையும் இழுத்தடிக்க முடியாது. ஏழு நாளோ அதற்கு மேலோ நின்றால் மெட்டா கற்றல் கட்டத்தை மறுபடி தொடங்கும்; அது முடிய ஒரு வாரத்துக்குள் ஏறக்குறைய 50 விற்பனை தேவை. 40 விற்கும் கடைக்கு அது எட்டாக்கனி.

எனவே புதனன்று ஒரு சோதனை ஆர்டர் போட்டு, Test Events திரையில் இரண்டு வழித் தகவலும் வருகிறதா, அவற்றில் ஒன்று கழிக்கப்படுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு விளம்பரம் ஓடும்.

அடுத்த செய்திதான் எழுதச் சங்கடமானது. இனி ரிப்போர்ட்டில் விற்பனை பாதியாகத் தெரியும். அது வீழ்ச்சி அல்ல. பழைய வாரங்களின் எண்கள் மெட்டாவில் அப்படியேதான் இருக்கும் என்பதால், கடையின் ஆர்டர் பட்டியலை வைத்து ஏஜென்சி தனியாகக் கணக்கெழுதித் தர வேண்டும். 400 ரூபாய் இலக்கையும் அப்படியே விட்டால், சரியான கணக்கில் விளம்பரம் ஓடாமல் முடங்கிப்போகலாம். அதை உயர்த்துவதா, லாபம் தராத சேலைகளின் விளம்பரத்தைக் கைவிடுவதா என்பதைக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும்.