ஆடித் தள்ளுபடியில் ஏறிப்போன விலை

ஆடி மாதத்தில் ஒருநாள், திருச்சியில் மின்சாதனப் பொருட்கள் மொத்த வியாபாரம் செய்யும் நண்பரின் கடையில் உட்கார்ந்திருந்தேன். துறையூரிலிருந்து ஒரு டீலர் போன் செய்தார். "என்னண்ணே, ஆடித் தள்ளுபடின்னு போர்டு போட்டுட்டு, காயிலுக்கு ரேட்டை ஏத்திட்டீங்களா?" நண்பருக்கு முகம் மாறிவிட்டது. பில்லை எடுத்துப் பார்த்தோம். டீலர் சொன்னது சரி. போன மாதம் 1,640 ரூபாய்க்குப் போன ஒயர் காயில், தள்ளுபடி போட்ட பிறகு 1,900 ரூபாய்க்குப் போயிருந்தது. பன்னிரண்டு காயிலுக்கு 3,120 ரூபாய் கூடுதல்.

கடையில் ஓடுவது ஓடூ என்ற மென்பொருள். பெல்ஜியத்தில் உருவானது. கொள்முதல், கிடங்கு, விற்பனை, கணக்கு என்று வியாபாரத்தின் எல்லா வேலைக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. அதன் விற்பனைப் பிரிவை அந்தக் கடைக்கு அமைத்துக் கொடுத்தது நான்தான். ஆனால் ஆடித் தள்ளுபடியை நண்பரே போட்டிருந்தார். அவர் செய்தது மிக இயல்பான தவறு. விலைப்பட்டியல் வைத்து வியாபாரம் செய்கிற பலரும் இதே இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள் என்பதால் அதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

கடைக்காரர் மனதில் விலை எப்படி இருக்கும்? அந்தக் காயிலின் பொது விலை 2,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. டீலருக்கு எந்தப் பொருளாக இருந்தாலும் 10 சதவீதம் கழிவு. ஒயர் வகைக்கு மட்டும் 15 சதவீதம். ஒயரில் பத்து காயிலோ அதற்கு மேலோ எடுத்தால் 18 சதவீதம். இந்த மூன்றையும் 'டீலர்' என்று ஒரு விலைப்பட்டியலில் மூன்று விதிகளாக எழுதியிருந்தோம். ஒன்று எல்லாப் பொருளுக்கும், ஒன்று ஒயர் வகைக்கு, மற்றொன்று ஒயர் வகைக்கே, ஆனால் Min. Quantity என்ற கட்டத்தில் 10 என்று போட்டு. டீலர் பன்னிரண்டு காயில் கேட்டால் 1,640 ரூபாய் வரும். ஒன்றரை வருடமாக அப்படித்தான் வந்துகொண்டிருந்தது.

ஆடிக்கு அந்த ஒரு காயிலுக்கு மட்டும் மேற்கொண்டு 5 சதவீதம் கொடுக்கலாம் என்று நண்பர் நினைத்தார். அதே பட்டியலில் நான்காவது விதியாக அந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்து, 5 சதவீதத் தள்ளுபடி என்று எழுதி, ஆடி முதல் தேதியும் கடைசித் தேதியும் போட்டுச் சேமித்துவிட்டார். 18-க்கு மேல் 5 சேரும் என்பது அவர் எண்ணம். வாயால் பேசும்போது நாமும் அப்படித்தானே பேசுகிறோம்: "பதினெட்டு போக இன்னொரு அஞ்சு."

மென்பொருள் விதிகளைக் கூட்டுவதில்லை. ஒரு வரிக்கு ஒரே ஒரு விதியைத்தான் எடுக்கும். எதை எடுக்கும் என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. பொருளின் குறிப்பிட்ட ஒரு ரகத்துக்கு எழுதிய விதி முதலில் நிற்கும். அடுத்து பொருளுக்கு எழுதியது, அதற்கடுத்து வகைக்கு எழுதியது, கடைசியில் எல்லாவற்றுக்கும் பொதுவாக எழுதியது. ஒரே தட்டில் இரண்டு விதி இருந்தால் அதிக அளவைக் கேட்கும் விதி முந்திக்கொள்ளும். மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, முதலில் பொருந்துகிற விதியோடு தேடல் நின்றுவிடும். வாடிக்கையாளருக்கு எது லாபம், கடைக்கு எது லாபம் என்ற கணக்கே அதில் கிடையாது. ஆகவே நண்பர் எழுதிய பொருள் விதி வந்தவுடன், வகைக்கு எழுதியிருந்த 15-ம் 18-ம் கண்ணிலேயே படாமல் போய்விட்டன. 2,000-இல் 5 சதவீதம் போக 1,900. மென்பொருள் சொன்னதைச் செய்தது. நாம் சொன்னதுதான் வேறு.

சரிசெய்ய வழி என்ன? அந்த விதியில் 5-ஐ எடுத்துவிட்டு 23 என்று போடலாம் என்றார் நண்பர். நான் வேண்டாம் என்றேன். அப்படிப் போட்டால் ஒரே ஒரு காயில் எடுக்கிற டீலருக்கும் 23 சதவீதம் போய்விடும். அளவுக்கு ஒன்றாக இரண்டு விதி எழுதினாலும், நாளைக்கு 18-ஐ 17 ஆக்கினால் ஆடி விதியை யார் ஞாபகம் வைத்து மாற்றுவது?

அதற்குத்தான் ஒரு பட்டியலை இன்னொரு பட்டியலின் மேல் ஏற்றி வைக்கும் வசதி இருக்கிறது. விதி எழுதும்போது விலையை எப்படிக் கணக்கிடுவது என்ற இடத்தில் Formula என்பதைத் தேர்ந்தெடுத்தால், எதை அடிப்படையாக வைத்துக் கணக்கிட என்று கேட்கும். பொது விலையா, கொள்முதல் விலையா, Other Pricelist என்ற வேறொரு பட்டியலா என்று. ஒரு பட்டியலுக்குள் அதே பட்டியலை அடிப்படையாக வைக்க அது அனுமதிக்காது. எனவே இரண்டு பட்டியல் வேண்டும். பழைய 'டீலர்' பட்டியலை அப்படியே கீழே வைத்து, ஆடி விதியை மட்டும் அதிலிருந்து நீக்கினோம். மேலே 'டீலர் நடப்பு' என்று புதிதாக ஒன்று. அதில் இரண்டே விதி. முதலாவது, எல்லாப் பொருளுக்கும் 'டீலர்' பட்டியல் விலை, கழிவு பூஜ்யம். இரண்டாவது, அந்தக் காயிலுக்கு 'டீலர்' பட்டியல் விலையில் 5 சதவீதம் குறைவு, ஆடி தேதிகளோடு. டீலர்கள் எல்லோருடைய கணக்கிலும் மேலே உள்ள பட்டியலை இணைத்தோம்.

இப்போது பன்னிரண்டு காயில் கேட்டால், மேல் பட்டியல் அந்தப் பன்னிரண்டு என்ற எண்ணோடு கீழ்ப் பட்டியலிடம் விலை கேட்கும். அது 1,640 என்று சொல்லும். அதில் 5 சதவீதம் போக 1,558. ஒரு காயில் கேட்டால் 1,700-இல் 5 போக 1,615. ஆடி முடிந்ததும் இரண்டாவது விதி தானாக விலகி, முதல் விதி நிற்கும். நவராத்திரிக்கும் தீபாவளிக்கும் கீழ்ப் பட்டியலைத் தொடவே வேண்டாம்.

துறையூர் டீலருக்குப் போன பில்லைத் திருத்துவதில் இன்னொன்றையும் கவனித்தோம். பட்டியலை மாற்றியதாலேயே ஏற்கெனவே போட்டு வைத்த கொட்டேஷன்களில் விலை மாறாது. வரி எழுதிய நேரத்தில் என்ன விலை வந்ததோ அதுவே நிற்கும். கொட்டேஷனில் பட்டியலை மாற்றினால் பக்கத்திலேயே Update Prices என்று ஒரு பொத்தான் தெரியும். அதை அழுத்தினால்தான் புது விலை ஏறும். அன்று மாலை, அனுப்பாமல் கிடந்த கொட்டேஷன்கள் ஒவ்வொன்றையும் திறந்து அழுத்தினோம்.

வேலை முடிந்தது என்று எழுந்தபோது நண்பர் வேறொரு சந்தேகத்தைக் கேட்டார். சிவப்பில் ஆறு, மஞ்சளில் ஆறு என்று எடுத்தால் மொத்தம் பன்னிரண்டுதானே, ஏன் 18 வரமாட்டேன் என்கிறது? இது விதியைத் தப்பாக எழுதியதால் வருவதில்லை. Min. Quantity ஒவ்வொரு வரியின் அளவையும் தனித்தனியாகத்தான் பார்க்கும். சிவப்பு ஒரு வரி, மஞ்சள் ஒரு வரி. இரண்டுமே பத்தைத் தொடவில்லை. வகை முழுவதற்கும் விதி எழுதியிருந்தாலும் வரிகளைக் கூட்டிப் பார்க்காது. வீடு கட்டுகிறவர் ஒயரை ஒரே நிறத்தில் வாங்குவதே இல்லை என்பதால், மின்சாதனக் கடைக்கு இது சின்ன விஷயம் அல்ல. நாங்கள் செய்த ஏற்பாடு எளியது. ஒயர் வகைக்கு அளவு கேட்காமல் 18 கொடுக்கும் 'டீலர் மொத்தம்' என்று ஒரு பட்டியல். கவுன்டரில் இருப்பவர் காயில்களை எண்ணிப் பார்த்து, பத்து வந்தால் அந்தக் கொட்டேஷனுக்கு மட்டும் இந்தப் பட்டியலை மாற்றி Update Prices அழுத்துவார். மனிதர் கையில் விட்ட வேலை, மறந்துபோகவும் கூடும். ஆனாலும் நிறத்துக்கு ஒன்றாக விதி எழுதிக் குழப்புவதைவிட இது மேல்.

ஒரே ஒரு பார்ட்டிக்கென்று பேசிய விலை வேறு கதை. அடுக்குமாடி கட்டும் ஒப்பந்ததாரர் ஒருவருக்கு அதே காயிலை 1,600-க்குத் தருவதாக நண்பர் ஒப்புக்கொண்டிருந்தார். அவர் பெயரில் ஒரு பட்டியல் போட்டு, அந்தப் பொருளுக்கு நிலையான விலை 1,600 என்று ஒரே விதி எழுதியிருந்தார். இதில் இரண்டு ஓட்டை. முதலாவது, அந்த ஒப்பந்ததாரர் ஸ்விட்ச் கேட்டால் பட்டியலில் எந்த விதியும் பொருந்தாது. அப்போது மென்பொருள் முழுப் பொது விலையைப் போட்டுவிடும். டீலருக்குக் கிடைக்கும் 10 சதவீதம்கூட அவருக்குக் கிடைக்காது. 'டீலர் நடப்பு' பட்டியலை அடிப்படையாக வைத்து எல்லாப் பொருளுக்கும் ஒரு விதியைக் கீழே சேர்த்ததும் அது சரியானது.

இரண்டாவது ஓட்டை கடைக்கு ஆபத்தானது. செம்பு விலை ஏறினால் ஒயர் கம்பெனி பட்டியலை மாற்றும். 1,480-க்கு வாங்கிக்கொண்டிருந்த காயில் 1,590 ஆகிவிட்டால், 1,600 என்று எழுதி வைத்த விலை அப்படியே நிற்கும். ஒரு காயிலில் மிச்சம் பத்து ரூபாய். ஒப்பந்ததாரரிடம் பேசி, கொள்முதல் விலைக்கு மேல் 8 சதவீதம், பத்து ரூபாய்க்கு முழுதாக்கி என்று மாற்றிக்கொண்டோம். 1,480-க்கு வாங்கினால் 1,598.40 வந்து 1,600 ஆகும். 1,590-க்கு வாங்கினால் 1,717.20 வந்து 1,720 ஆகும். பழைய பதிப்புகளில் இப்படி ஏற்றிப் போட, தள்ளுபடிக் கட்டத்தில் -8 என்று மைனஸில் எழுத வேண்டும். மைனஸைப் பார்த்து யாரோ ஒருவர் தவறு என்று நினைத்து 8 ஆக்கிவிட்டால், கொள்முதலுக்கும் கீழே விலை போகும். அதனால் பட்டியலின் பெயரிலேயே 'கொள்முதல் + 8' என்று எழுதி வைத்தோம். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பொருளின் கொள்முதல் விலை தானாக மாற வேண்டுமானால், அதன் வகையில் சராசரி விலை முறையோ, முதலில் வந்தது முதலில் போகும் முறையோ தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். நிலையான விலை முறையில் விட்டிருந்தால், யாராவது கையால் மாற்றும்வரை அது பழைய 1,480-ஐயே பிடித்துக்கொண்டிருக்கும்.

எல்லாம் முடிந்து ஒரு வாரத்தில், அதே ஒப்பந்ததாரருக்கு மீண்டும் 2,000 ரூபாய் என்று பில் போயிருந்தது. பட்டியலில் ஒரு குறையும் இல்லை. அவருடைய சைட் மேற்பார்வையாளர் வந்து சரக்கு எடுத்திருக்கிறார். கவுன்டர் பையன் அவர் பெயரை, கம்பெனிக்குக் கீழே சேர்க்காமல், தனி வாடிக்கையாளராகப் பதிந்துவிட்டான். கம்பெனிக்குக் கீழே பதிந்த ஆட்களுக்குக் கம்பெனியின் பட்டியலே வரும். தனியாக நிற்கும் புதுப் பெயருக்கு அது வராது. பொதுப் பட்டியல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பதிவைக் கம்பெனியோடு சேர்த்துவிட்டு, அதே பெயர்களை வைத்து ஒன்று, ஒன்பது, பத்து, பன்னிரண்டு என்று நான்கு அளவில் சோதனைக் கொட்டேஷன் போட்டுப் பார்த்தோம். நான்கிலும் கொள்முதல் விலைக்கு மேல் எட்டு சதவீதம் சரியாக வந்தது. துறையூர் டீலர் பெயரில் அதே நான்கு அளவு: 1,615, 1,615, 1,558, 1,558. நண்பர் அந்த எண்களை ஒரு தாளில் எழுதி, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார். பட்டியலில் யார் கை வைத்தாலும், அந்தத் தாளோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் அன்றைய முதல் பில்.