குடோன் இருக்கிறது, ஒப்பந்தம் இல்லை

வங்காளப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, 1944. ஹூக்ளி மாவட்டத்தின் ஆராம்பாக் பக்கம் தானியம் சேமிக்க இடம் போதவில்லை. பி.கே. மண்டல் அண்டு சன்ஸ் என்ற ஒப்பந்தக்காரர்களிடம் உணவு வழங்கல் துறை அதிகாரிகள் வேலை கேட்டார்கள். ஆராம்பாக்கில் ஒரு மண் சாலை, அலுவலகம், சமையலறை, காவலர் அறை. கானாகுல் என்ற ஊரில் சேமிப்புக் கொட்டகைகள். எல்லாம் கட்டி முடிந்து, துறையும் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. முதல் வேலைக்கு 2,322 ரூபாய் 8 அணா, கொட்டகைகளுக்கு 17,003 ரூபாய் என்று பில் போனது. பணம் வரவில்லை.

வழக்குப் போட்டபோது அரசு சொன்ன பதில் விசித்திரமானது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டப்படி, மாகாண அரசின் ஒப்பந்தம் கவர்னர் பெயரில் எழுதப்பட்டு, அதிகாரம் பெற்றவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். இதில் அது இல்லை. ஒப்பந்தமே கிடையாது, ஆகவே கடனும் கிடையாது என்றது அரசு. பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டுவிட்டு, 'என்னை முறைப்படி அழைக்கவில்லையே, மொய் எதற்கு?' என்று கேட்கிற கதைதான்.

ஆனால் முதல் பாதி உண்மை. ஒப்பந்தம் செல்லாது, எனவே ஒப்பந்தத்தை மீறியதாக வழக்குத் தொடுக்க முடியாது. சரி, அரசு ஏதாவது தீங்கு செய்ததா? யாரையும் ஏமாற்றவில்லை, யாருடைய நிலத்திலும் அத்துமீறி நுழையவில்லை, எதையும் உடைக்கவில்லை. எனவே டார்ட் எனப்படும் தீங்கியல் சட்டத்திலும் இடமில்லை. வாக்கும் இல்லை, குற்றமும் இல்லை. ஆனாலும் ஒருவர் செலவில் இன்னொருவர் கையில் ஆதாயம் நிற்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் சட்டம்தான் இந்த மூன்றாவது கிளை. நியாயமற்ற ஆதாயம் என்பது அதன் காரணம், மீட்டளித்தல் என்பது அதன் பரிகாரம்.

நம் நாட்டில் இதற்கான விதிகள் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்துக்குள்ளேயே, 68 முதல் 72 வரையான பிரிவுகளில் ஒண்டியிருக்கின்றன. அந்த அத்தியாயத்தின் தலைப்பு 'ஒப்பந்தம்' என்று சொல்லாமல், ஒப்பந்தத்தால் உண்டாகும் உறவுகளை 'ஒத்த' உறவுகள் என்று ஜாக்கிரதையாகச் சொல்கிறது. மண்டல் வழக்கைக் காப்பாற்றியது 70ஆம் பிரிவு. அது மூன்று விஷயங்களைக் கேட்கிறது: வேலையைச் சட்டத்துக்கு உட்பட்டுச் செய்திருக்க வேண்டும், இலவசமாகச் செய்யும் எண்ணம் இருந்திருக்கக் கூடாது, மற்றவர் அதன் பலனை அனுபவித்திருக்க வேண்டும்.

1961 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தக்காரர் பக்கம் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கஜேந்திரகட்கர் முக்கியமாகக் கண்டது ஏற்பவரின் சுதந்திரத்தை. கொடுத்ததை 'வேண்டாம்' என்று மறுக்கவோ திருப்பித் தரவோ வாய்ப்பு இருந்தும், தானாக ஏற்றுக்கொண்டால்தான் கடமை பிறக்கும். நீங்கள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் சுவருக்கு பெயின்ட் அடித்துவிட்டு பில் நீட்டினால், அவருக்கு இந்தப் பிரிவு கைகொடுக்காது. அடித்த பெயின்டைச் சுரண்டித் திருப்பித் தர முடியுமா? அரசுக்கு அந்த இக்கட்டு இல்லை. கேட்டது அவர்கள் ஆட்கள், உள்ளே குடியேறியதும் அவர்களே.

கிளை வேறு என்பதால் கணக்கும் வேறு. பேசிய விலை 20,000, ஆனால் கட்டடத்தின் நியாயமான மதிப்பு 15,000 என்று வையுங்கள். செல்லுபடியாகும் ஒப்பந்தம் இருந்தால் 20,000 கேட்கலாம். 70ஆம் பிரிவில் 15,000தான். அஸ்திவாரம் தோண்டும் முன்பே அரசு 'வேண்டாம்' என்றிருந்தால், போன லாபத்துக்கு நஷ்ட ஈடாக ஒரு காசும் கிடைத்திருக்காது. எதிராளியிடம் சேர்ந்தது எவ்வளவு என்பதே இங்கே கேள்வி.

இங்கிலாந்தில் லார்ட் மான்ஸ்ஃபீல்ட் 1760லேயே இந்த எண்ணத்தைத் தெளிவாகப் பேசிவிட்டார். ஆனாலும், கற்பனை ஒப்பந்தம் என்ற முகமூடியைக் கழற்றி, நியாயமற்ற ஆதாயம் என்ற பெயரிலேயே அந்நாட்டின் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை இதை ஏற்றது 1991இல்தான். ஒரு வக்கீல் நிறுவனத்தின் பங்குதாரர், கட்சிக்காரர்களின் கணக்கிலிருந்து 2 லட்சம் பவுண்டுக்கு மேல் எடுத்து, லண்டன் பிளேபாய் கிளப்பில் சூதாடினார். கிளப்புக்குத் திருட்டுப் பணம் என்று தெரியாது. நேர்மையாகத்தான் வாங்கியது. ஆனால் அன்றைய சட்டப்படி சூதாட்ட ஒப்பந்தம் செல்லாது. வாங்கிய பணத்துக்கு ஈடாகச் சட்டத்தின் கண்ணில் கிளப் எதையும் தரவில்லை. அதனால் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள், முழுவதையும் அல்ல. அவர் ஜெயித்த நாட்களில் கிளப் அவருக்குப் பணம் எண்ணிக் கொடுத்திருந்தது. நல்லெண்ணத்தில் கைவிட்டுப் போனதை ஆதாயமாகக் கருத முடியாது என்று அதைக் கழித்தார்கள். ரொக்கக் கணக்கில் கிளப்பிடம் மிஞ்சியதாக நின்றது 1,50,960 பவுண்டு.