டி7 எந்தத் தேதி?

‘டி7. வலது 12, 11. இடது 13, 10. ஈடி 7.2. ஊசி சேம்.’ கருத்தரிப்பு மையங்களின் கேஸ் ஷீட்டில் இப்படித்தான் கிறுக்கியிருக்கும். எழுதிய மருத்துவருக்கு இதுவே போதும். ஆனால் முதல் முயற்சி பலிக்காமல் தம்பதி வேறு மருத்துவரிடம் போனால், எந்த அளவு மருந்துக்குச் சினைமுட்டைப் பைகள் எத்தனை நாளில் எவ்வளவு வளர்ந்தன என்று பார்த்துத்தான் அவர் அடுத்த அளவை முடிவு செய்ய வேண்டும். அதற்கு மருந்து, ஸ்கேன், சிகிச்சை எல்லாம் தேதிவாரியாக வேண்டும். கையெழுத்தைப் படிப்பதைவிட நாள் கணக்கை நிலைநிறுத்துவதே இதில் பெரிய வேலை.

ஏனென்றால் ஒரே தாளில் மூன்று கணக்குகள் ஓடுகின்றன. ஓர் உதாரணம்: மாதவிடாய் ஜூன் 3, ஊசி தொடக்கம் ஜூன் 4. மாதவிடாயிலிருந்து எண்ணினால் டி7 ஜூன் 9. ஊசியிலிருந்து எண்ணினால் ஜூன் 10. முட்டை எடுத்த நாளைப் பூஜ்யமாக வைப்பது மூன்றாவது கணக்கு. கடைசியில் வரும் ‘ஈடி டி5’ அந்தக் கணக்கில் கருவைக் கருப்பைக்குள் வைத்த நாள். மேலே உள்ள ‘ஈடி 7.2’ கருப்பை உட்படலத்தின் தடிமன், மில்லிமீட்டரில்.

எந்தக் கணக்கு என்பதைக் கடிகாரம் காட்டிக்கொடுக்கும். தியேட்டர் பதிவேட்டின்படி முட்டை எடுத்தது ஜூன் 15 காலை 9.30. முட்டையை முதிரவைக்கும் ட்ரிகர் ஊசி அதற்குச் சுமார் 36 மணி நேரம் முன்பு, அதாவது 13-ஆம் தேதி இரவு போட்டிருக்க வேண்டும். தாளில் ‘டி11, இரவு 9.30, ட்ரிகர்’ என்றிருக்கிறது. மாதவிடாய்க் கணக்கில் அது சரியாக ஜூன் 13. ஊசிக் கணக்கில் ஜூன் 14. பன்னிரண்டே மணி நேரத்தில் முட்டை எடுத்ததாகிவிடும். ஆனால் இது டி11-க்கு மட்டுமே சாட்சி. டி7-ஐ வேறொருவர் வேறு கணக்கில் எழுதியிருக்கலாம். இடப்பக்கப் பை 13-லிருந்து டி11-இல் 20 மி.மீ. ஆனது நான்கு நாளிலும் நடக்கும், மூன்று நாளிலும் நடக்கக்கூடும். ஸ்கேன் படத்தில் அச்சான தேதியைப் பார்த்தே அதை முடிக்க வேண்டும்.

‘சேம்’ என்ற சொல்லை நம்பி எல்லா நாளுக்கும் முதல் நாள் அளவான 225 யூனிட் என்றே நிரப்பினால் என்ன என்று கேட்கலாம். வெற்றுக் கட்டங்கள் நிறைந்த பதிவால் யாருக்குப் பயன் என்றும் கேட்கலாம். நிரப்பலாம், ‘எழுதிக்கொடுத்தது’ என்ற பத்தியில். ‘போட்டது’ என்பது தனிப் பத்தி. வீட்டில் போடும் ஊசி ஒருநாள் தவறியிருக்கலாம். 75 யூனிட் குப்பி நாளுக்கு மூன்று. 4 முதல் 12 வரை ஒன்பது நாளுக்கு 27. மருந்துக்கடை பில்லில் 30 இருந்தால், 13-ஆம் தேதியும் போட்டார்களா, மூன்று குப்பி மிஞ்சியதா என்று அந்தப் பெண்ணிடமே கேட்க வேண்டும். அவருக்கும் நினைவில்லை என்றால் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். போடாத மருந்தைப் போட்டதாகப் படிக்கும் அடுத்த மருத்துவர், குறைந்த விளைவைச் சினைப்பையின் குறையாக எடுத்துக்கொண்டு, தேவையில்லாமல் அளவைக் கூட்டிவிடக்கூடும்.