இடம் நிறைந்த பிறகு எந்த வகுப்பை அழிப்பது?

ஜூமில் பாடம் எடுக்கும் டியூஷன் ஆசிரியர் ஒருவர். ஒரு நாள் வகுப்பைப் பதிவுசெய்யப் போனால் கிளவுடில் இடம் இல்லை என்று வருகிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பதிவு முடியும்வரை ஓடும். புதிதாக ஒன்றைத் தொடங்கத்தான் முடியாது. பதறிப்போய் பழைய வகுப்புகளை அழிப்பதற்கு முன், ஒரே ஒரு பதிவைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

பலர் கவனிக்காத விஷயம், ஒரு வகுப்புக்கே பல கோப்புகள் இருக்கலாம் என்பது. ஆசிரியர் முகமும் பாடத் திரையும் உள்ள வீடியோ ஒன்று. எல்லா மாணவர்களும் கட்டம் கட்டமாகத் தெரியும் கேலரி வீடியோ இன்னொன்று. குரல் மட்டும் தனியாக, சாட் தனியாக. முதல் வீடியோ 300 எம்பி, கேலரி 250 எம்பி, குரல் 50 எம்பி என்று வைத்துக்கொள்வோம். 10 ஜிபி இடம் ஏறக்குறைய 16 வகுப்பிலேயே தீர்ந்துவிடும். அந்த 16 கேலரி வீடியோக்களை மட்டும் நீக்கினால் 4 ஜிபி கிடைக்கும், பாடம் ஒன்றுகூடப் போகாது. பதிவின் பக்கத்தில் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாக அழிக்கலாம். தவறி அழித்தாலும் 30 நாள் வரை Trash-இல் இருக்கும்.

அதற்கு மேலும் இடம் தேவைப்பட்டால், தேதியைப் பார்க்காமல் யார் பார்க்கிறார்கள் என்று பாருங்கள். தேர்வுக்காக மாணவர்கள் இன்னும் திறந்து பார்க்கும் பாடம் எவ்வளவு பழையதானாலும் கிளவுடிலேயே இருக்கட்டும். அழித்தால் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட லிங்க் வேலை செய்யாது. அடுத்த ஆண்டுக்கும் உதவும் பாடங்களை ஹார்ட் டிஸ்கில் இறக்கிக்கொள்ளுங்கள். சந்தேகம் தீர்க்கும் வகுப்புகளைப் பெரும்பாலும் தயங்காமல் அழிக்கலாம்.

இறக்கியதை நம்பி உடனே அழித்துவிடக் கூடாது. இணையம் நடுவில் அறுந்தால் `.crdownload` என்று முடியும் அரைகுறைக் கோப்புதான் குரோமில் மிஞ்சும். கோப்பைத் திறந்து கடைசி ஐந்து நிமிடம் ஓடுகிறதா, குரல் கேட்கிறதா என்று பார்த்த பிறகே கிளவுடில் கை வையுங்கள்.

கூகுள் டிரைவுக்கு மாற்றுவதிலும் நிதானம் வேண்டும். இலவசக் கணக்கின் 15 ஜிபியை ஜிமெயிலும் போட்டோஸும் சேர்ந்துதான் பகிர்ந்துகொள்கின்றன. அது நிறைந்தால் உங்களுக்கு மெயில் வருவதே நின்றுவிடும். யூடியூபில் Unlisted ஆக ஏற்றினால் டிரைவ் இடம் குறையாது. ஆனால் லிங்க் கிடைத்த எவரும் பார்க்கலாம் என்பதால், பிள்ளைகளின் முகமோ பெயரோ தெரியும் வீடியோவை அங்கே போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த வகுப்புக்கு முன் ஜூம் இணையதளத்தில் Settings, Recording பகுதிக்குப் போய் Record gallery view with shared screen என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். கணினியில் வகுப்பு எடுப்பவர்கள் கணினியிலேயே பதிவுசெய்யும் வழிக்கும் மாறலாம். கைபேசியில் அந்த வசதி இல்லை. அவர்களுக்குக் கிளவுடு ஒன்றுதான் இடம்.