கருவறையில் ஓர் எவரெஸ்ட்

கேமரன் மலையில் பிரிஞ்சாங் ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அருகிலுள்ள சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தில் வாழும் ஒரு கர்ப்பிணிக்கு, கீழே ஈப்போவில் இருப்பவரைவிட ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் குறைவாகவே கிடைக்கிறது. அப்படியானால் அவர் வயிற்றுப் பிள்ளைக்கு மூச்சுமுட்டாதா?

முட்டாது. மலையேறினாலும் ஏறாவிட்டாலும் எல்லாச் சிசுக்களும் அதைவிடப் பன்மடங்கு உயரத்தில்தான் வளர்கின்றன. கருவறையை எவரெஸ்டுக்கு ஒப்பிட்டவர் கேம்பிரிட்ஜ் உடலியலாளர் ஜோசப் பார்கிராஃப்ட். அது வெறும் அலங்காரப் பேச்சு அல்ல. நஞ்சுக்கொடியிலிருந்து சிசுவுக்கு வரும் இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 28 மி.மீ. பாதரசம். எவரெஸ்டில் 8,400 மீட்டர் உயரத்தில் மலையேறிகளிடம் எடுத்த இரத்தத்தை ஆய்ந்து 2009-இல் வெளியிட்ட முடிவில் சராசரி அழுத்தம் 25-ஐ ஒட்டியே இருந்தது.

அந்த 28 மி.மீ. அழுத்தத்தில் நம் ஹீமோகுளோபினை வைத்துப் பார்த்தால் அதில் பாதிதான் ஆக்சிஜனால் நிரம்பும். சிசுவின் ஹீமோகுளோபினோ பத்தில் ஏழு பங்கு நிரம்பிவிடுகிறது. காரணம் மிகச் சிறிய ஒரு மாற்றம். பெரியவர்களின் ஹீமோகுளோபினில் இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா சங்கிலிகள் உண்டு. சிசுவுக்கு பீட்டாவின் இடத்தில் காமா. நம் சிவப்பணுக்களில் டி.பி.ஜி. என்ற பாஸ்பேட் பொருள் பீட்டா சங்கிலியைப் பற்றிக்கொண்டு, ஆக்சிஜன் மீதுள்ள பிடியைத் தளர்த்துகிறது. காமா சங்கிலியில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதால் அப்பொருளால் அதைச் சரியாகப் பற்ற முடிவதில்லை. பிடி தளராத சிசுவின் இரத்தம் தாயின் இரத்தத்திலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது.

பிரிஞ்சாங் தாயின் தமனி இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 100-இலிருந்து 80 அளவுக்கு இறங்கினாலும், அவருடைய ஹீமோகுளோபின் 95 விழுக்காட்டை ஒட்டி நிரம்பியே இருக்கும். சிசு எடுத்துக்கொள்ளும் அளவில் பெரிய வேறுபாடு வராது. இன்னும் உயரமான ஊர்களில்தான் பிறப்பு எடை கண்கூடாகக் குறைகிறது. அமெரிக்காவின் கொலராடோவில் 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிராம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

பிறப்பின்போது சில நிமிடங்களில் எல்லாம் தலைகீழாகிறது. பிள்ளை வெளியே வந்து மூச்சிழுக்கிறது. நுரையீரலில் நிறைந்திருந்த நீர் உறிஞ்சப்பட்டுக் காற்று புகுகிறது. ஆக்சிஜன் பட்டதும் அங்குள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அதுவரை நுரையீரலைச் சுற்றிக்கொண்டு போன இரத்தம் இப்போது அதற்குள்ளேயே பாய்கிறது. தொப்புள்கொடி நின்றதும் இடது பக்க அழுத்தம் ஏறி, இதயத்தின் மேலறைகளுக்கு இடையேயான வழியை மூடுகிறது. பெருந்தமனியோடு நுரையீரல் தமனியை இணைக்கும் நாளம் ஓரிரு நாட்களில் சுருங்குகிறது.

இது நொடியில் நடந்துமுடிவதில்லை. வலது கையில் கருவி பொருத்தி ஹீமோகுளோபின் ஆக்சிஜனால் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்தால், ஒரு நிமிடத்தில் 60 விழுக்காட்டுக்குச் சற்று மேலே, ஐந்து நிமிடத்தில் 80-க்கு மேலே, பத்து நிமிடத்தில் 85 முதல் 95 வரை என்று மெல்லத்தான் ஏறும். அதனால் முதல் சில நிமிடங்கள் பிள்ளை நீலம் பூத்திருப்பது இயல்பு. பார்த்துப் பதறுவது தாய்க்கும் இயல்புதான். பிறப்பு அறையில் யாராவது இதை அவரிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

ஆனால் கருவறையில் காத்த அந்தப் பிடியே வெளியே வந்ததும் கண்ணை ஏமாற்றவும் கூடும். பெரியவர்களுக்கு 90 விழுக்காடு என்றால் இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 60 மி.மீ. பச்சிளங்குழந்தையில் அதே 90, 45–50 மி.மீ. அழுத்தத்திலேயே வந்துவிடும். ஆக்சிஜன் குறைந்தாலும் பிள்ளை சிவப்பாகத் தெரியலாம். நுரையீரல் குழாய்கள் விரிய மறுத்தாலும், இதயத்தில் குறை இருந்தாலும் நிறத்தை மட்டும் நம்பினால் தவறிவிடும். அதனால்தான் வலது கையிலும் காலிலும் தனித்தனியே அளக்கிறார்கள். கையில் நல்ல எண் இருக்க, கால் 3 விழுக்காட்டுக்கு மேல் தாழ்ந்திருந்தால், மூடவேண்டிய நாளத்தின் வழியே ஆக்சிஜன் குறைந்த இரத்தம் கீழே போகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

முதல் மூச்சோடு ஆக்சிஜன் தாராளமாகிவிடுவதால், சிவப்பணு தயாரிக்கச் சொல்லும் ஹார்மோனும் அடங்கிவிடுகிறது. பழைய அணுக்கள் அழிய அழிய, பிறக்கும்போது 16, 17 கிராம் இருந்த ஹீமோகுளோபின் 8 முதல் 12 வாரத்தில் 10, 11 கிராமுக்கு வந்து நிற்கிறது. நிறைமாதத்தில் பிறந்து நன்றாகப் பால் குடிக்கும் பிள்ளைக்கு இது நோயல்ல. இந்த இறக்கத்தை இரும்புச் சத்து மருந்தால் தடுக்கவும் முடியாது. அழிந்த அணுக்களின் இரும்பு உடலிலேயே சேமிப்பாக இருக்கிறது. இதே மாதங்களில் காமா சங்கிலி ஓய்ந்து பீட்டா சங்கிலி பொறுப்பேற்கிறது. கடுமையான பீட்டா தலசீமியா உள்ள பிள்ளைகள் பிறக்கும்போது நலமாகவே தெரிவது இதனால்தான். அவர்களுக்குக் காமா இருக்கும்வரை குறை தெரியாது. ஆறு மாதம் நெருங்கும் பிள்ளை மேலும் மேலும் வெளிறி, எடை ஏறாமல், வயிறு உப்பினால், தாய் தந்தை இருவரின் இரத்தத்தையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.