மேலே இருக்க வேண்டிய கம்பி

கான்கிரீட் போடும் நாளில் சட்டியோடு நடக்கும் கால்கள் பால்கனிக் கம்பியை மிதித்து 2 அங்குலம் இறக்கிவிட்டால் என்ன ஆகும்?

அறைக்குள் தளம் நடுவில் தொய்யும். அங்கே இழுபடுவது அடிப்பக்கம். பால்கனியின் நுனியோ கீழே சாயப் பார்க்கும். சுவரை ஒட்டிய மேல்பக்கம் இழுபடும். அந்த இழுவையைக் கான்கிரீட் தாங்காது, கம்பிதான் தாங்கும். 5 அங்குலத் தளத்தில் அடியிலிருந்து 4 அங்குல உயரத்தில் நிற்க வேண்டிய கம்பி 2 அங்குலத்துக்கு இறங்கினால், பலம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அதற்காகவே கம்பியை வளைத்துச் செய்த ‘சேர்’களை அடியில் நெருக்கமாக நிறுத்துகிறார்கள்.

பால்கனி 4 அடி நீண்டால், அதே கம்பி உள்தளத்துக்குள் 6 அடியாவது ஓட வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. உத்திரத்தோடு வெட்டி நிறுத்தினால் பிடிமானம் இல்லை.

சுவரோரம், பால்கனித் தரையின் மேல்பக்கத்தில் நீளவாக்கில் விரிசல் ஓடினால் பூசி மறைக்கக் கூடாது. ஆட்களை இறக்கி, அடியில் முட்டு கொடுத்துவிட்டுப் பொறியாளரை அழைக்க வேண்டும்.