தொடாத முகம் ஏன் மாறுகிறது?

பழைய கல்யாண குரூப் போட்டோ ஒன்று ஸ்கேன் ஆகி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்சுவரில் தொங்கும் மின்கம்பியை எடுக்க வேண்டும், ஓரத்தில் இருக்கும் ஈரக்கறையை மறைக்க வேண்டும், முன்வரிசையில் ஒருவரின் பட்டுப்புடவை மேல் ஓடும் கீறலைச் சரிசெய்ய வேண்டும். இந்த மாதிரி வேலைக்கு இன்று பலரும் எடுப்பது இன்பெயின்டிங். மாற்ற வேண்டிய இடத்தின் மேல் பிரஷால் பூசினால் அது மாஸ்க் ஆகிறது. அந்த இடத்தை மட்டும் ஏஐ புதிதாக வரைந்து நிரப்புகிறது. கம்பி போய்விடும், கறை போய்விடும், நாலைந்து தடவை முயன்றால் கீறலும் போய்விடும். பிறகு பழைய ஸ்கேனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். கடைசி வரிசையில் நிற்கும் பாட்டியின் கண்கள் கரைந்திருக்கின்றன. சுவரின் வெளிர்மஞ்சள் கொஞ்சம் வேறு மாதிரி ஆகியிருக்கிறது. ஜரிகை மழுங்கியிருக்கிறது. அந்த இடங்களில் யாரும் பிரஷ் வைக்கவே இல்லை.

இதற்குக் காரணம் ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற மாடல்கள் வேலை செய்யும் விதம். 2022 ஆகஸ்டில் பொதுவெளிக்கு வந்த இந்த மாடல், படத்தின் பிக்சல்கள் மேல் நேரடியாக வரைவதில்லை. முதலில் விஏஇ என்ற பகுதி படத்தைச் சுருக்கி, லேட்டன்ட் எனப்படும் ஒரு சின்ன எண் அட்டவணையாக மாற்றுகிறது. வரைவதெல்லாம் அந்த அட்டவணைக்குள்தான். வரைந்து முடிந்ததும் அதே விஏஇ அதை விரித்துத் திரும்பப் படமாக்கித் தருகிறது.

சுருக்கம் எவ்வளவு கடுமையானது என்று பார்த்தால் பாட்டியின் கண்கள் ஏன் கரைந்தன என்பது புரிந்துவிடும். நீளத்தில் 8, அகலத்தில் 8 பிக்சல் கொண்ட ஒரு சதுரத்துக்கு லேட்டன்டில் ஒரே ஒரு கட்டம்தான் கிடைக்கிறது. சதுரத்தில் 64 பிக்சல்கள், ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், மொத்தம் 192. கட்டத்தில் இருப்பதோ 4 எண்கள். குரூப் போட்டோவில் பாட்டியின் முகம் 48 பிக்சல் அகலம் என்றால், அது 6 கட்டங்களுக்குள் அடங்கியாக வேண்டும். ஒரு கண்ணுக்கு ஏறக்குறைய ஒரு கட்டம். விரிக்கும்போது அந்த இடத்தில் கண் இருந்தது என்பது விஏஇக்குத் தெரியும். அது எந்தப் பக்கம் பார்த்தது, இமை எவ்வளவு தாழ்ந்திருந்தது என்பது தெரியாது. அதனால் கண் போன்ற ஒன்றைப் போடுகிறது. முன்வரிசையில் பெரிதாக இருக்கும் முகங்களுக்குக் கட்டங்கள் அதிகம் கிடைப்பதால் அவை தப்பிவிடுகின்றன. சின்ன முகம், எழுத்து, நெசவு, ஜரிகை ஆகியவைதான் முதலில் அடிபடும்.

மாஸ்க் பூசியிருந்தாலும் படம் முழுவதும்தான் சுருங்கி விரிகிறது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. மாஸ்க்குக்கு வெளியே புதிதாக எதையும் வரையாதே என்றுதான் மாடலுக்குச் சொல்கிறோம். சுருக்காதே என்று சொல்வதில்லை.

ஒரு தடவை போய்வந்தால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த முடிவையே அடுத்த இன்பெயின்டிங்குக்குக் கொடுக்கிறோம், அதன் முடிவை அதற்கடுத்ததற்கு. கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பாட்டுப் பதிந்த காலத்தில், நாலாவது பிரதியில் பாட்டை விட இரைச்சல் அதிகம் கேட்டதும் இதனால்தான். நிறத்தின் கதை இன்னும் கொஞ்சம் மோசம். விஏஇயின் பிழை ஒரு தடவை கூடி ஒரு தடவை குறைவதாக இருந்தால் ஓரளவு சமன்பட்டுவிடும். அப்படி இல்லாமல் ஒரே பக்கமாகச் சாய்கிற பிழை ஒவ்வொரு சுற்றிலும் கூடிக்கொண்டே போகும். மாடலைப் பயிற்றுவித்தவர்கள் அதனிடம் கேட்டது பார்வைக்கு நிஜம் போலத் தெரிகிற படத்தை. ஒவ்வொரு பிக்சலும் அதே எண்ணாகத் திரும்ப வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை. சுவர் ஒரு சாயல் தள்ளி வந்தாலும் அதன் கணக்கில் அது பெரிய தப்பு இல்லை.

உங்கள் படத்தில் இது நடக்கிறதா என்று பார்க்க ஒரு வழி போதும். கிம்ப் அல்லது ஃபோட்டோஷாப்பில் மூல ஸ்கேனைக் கீழ் லேயராகவும் இன்பெயின்டிங் முடிவை மேல் லேயராகவும் வைத்து, மேல் லேயரின் மோடை Difference என்று மாற்றுங்கள். ஒரே மாதிரி இருக்கும் பிக்சல் கறுப்பாகத் தெரியும். மாஸ்க் பூசிய இடம் தவிர மற்றதெல்லாம் சுத்தக் கறுப்பாக இருக்க வேண்டும். Levels கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தால், முகங்களின் ஓரக்கோடுகளும் புடவைக் கரைகளும் மங்கலாக எழுந்து வந்தால், படம் முழுவதும் விஏஇ வழியாகப் போய்வந்திருக்கிறது.

இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். முதல் சுற்றிலேயே நிறம் பளிச்சென்று மாறி, அதன்பின் கூடாமல் அப்படியே நின்றால் குற்றவாளி விஏஇ அல்ல. ஸ்கேனிலோ போன் படத்திலோ இருந்த கலர் ப்ரொஃபைலை மென்பொருள் கழற்றிவிட்டிருக்கும். வேலை தொடங்கும் முன் படத்தை ஒரு தடவை sRGBக்கு மாற்றிச் சேமித்துவிட்டால் அந்தத் தொல்லை போகும்.

சரி, விஏஇ தொல்லைக்கு என்ன வழி? முடிவுப் படத்திலிருந்து மாஸ்க்குக்குள் இருப்பதை மட்டும் வெட்டி, மூலப் படத்தின் மேல் ஒட்டிவிடுவது. மற்றதைத் தூக்கிப் போட்டுவிடலாம். பைத்தானில் இது ஒரே வரி:

```python
from PIL import Image
patched = Image.composite(new, original, mask)
patched.save("step1.png")
```

மாஸ்க் வெள்ளையாக இருக்கும் இடத்தில் புதுப்படம், கறுப்பாக இருக்கும் இடத்தில் மூலம். மூன்றும் ஒரே அளவில் இருக்க வேண்டும். கம்ஃபியூஐயில் இதே வேலையை ImageCompositeMasked என்ற நோட் செய்கிறது. டிஃப்யூசர்ஸ் நூலகத்தில் apply_overlay. ஆட்டோமேடிக்1111 இதைத் தானாகவே செய்துவிடுகிறது. ஆகவே அதிலிருந்து கம்ஃபியூஐக்கு மாறியவர்கள்தான் திடீரென்று படம் கெடுவதைப் பார்த்துத் திகைக்கிறார்கள்.

நம் குரூப் போட்டோவுக்கு வருவோம். கம்பியை எடுத்து, ஒட்டி, step1.png என்று சேமித்தாயிற்று. கறைக்கான அடுத்த சுற்றுக்கு இதைத்தான் கொடுக்க வேண்டும். அதன் முடிவையும் இதே படத்தின் மேல் ஒட்டி step2.png. இப்படிப் போனால் மூன்று வேலையும் முடிந்த பிறகு கம்பி இருந்த இடம் ஒரே ஒரு தடவை விஏஇ வழியாகப் போனது, கறை இருந்த இடமும் ஒரே தடவை. பாட்டியின் முகம் ஒரு தடவைகூடப் போகவில்லை. அது ஸ்கேனர் தந்த பிக்சல்களாகவே இருக்கிறது. இடையில் ஜேபெக்கில் சேமித்தால் ஒவ்வொரு சேமிப்பிலும் இன்னொரு நஷ்டம் சேரும் என்பதால் கடைசி வரை பிஎன்ஜிதான்.

புடவைக் கீறலில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். முதல் முயற்சியில் கரை கோணலாக வரும். அந்தக் கோணலின் மேலேயே மறுபடி மாஸ்க் பூசுவார்கள். சுருங்கி விரிந்த துணியை இன்னொரு தடவை சுருக்கி விரிக்கிறார்கள். மூன்றாவது முயற்சியில் பட்டு பிளாஸ்டிக் ஆகிவிடும். சரியாக வராத முயற்சியை அப்படியே விட்டுவிட்டு step2.pngக்குத் திரும்பி, வேறு சீட் எண்ணில் மறுபடி ஓட்டுவதே நல்லது. பத்துத் தடவை ஓட்டினாலும் ஒவ்வொன்றும் அதே step2.pngஇலிருந்துதான் தொடங்க வேண்டும். இதைச் செய்யப் பொறுமை வேண்டும் என்பது உண்மை. ஆனால் நெசவைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

ஸ்கேன் பெரிதாக இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. கீறலைச் சுற்றி 400 பிக்சல் சதுரத்தை மட்டும் வெட்டி, அதை 1024க்குப் பெரிதாக்கி மாடலுக்குக் கொடுத்து, வந்ததைச் சிறிதாக்கி ஒட்டலாம். ஆட்டோமேடிக்1111இல் Only masked என்ற தேர்வு இதைத்தான் செய்கிறது. அதே ஜரிகைக்கு இப்போது ஆறு மடங்குக்கு மேல் கட்டங்கள் கிடைக்கின்றன. வெட்டும்போது மாஸ்க்கைச் சுற்றிக் கொஞ்சம் துணி சேர்ந்து வரட்டும். ஒட்டி வெட்டினால் பக்கத்தில் என்ன நிறம் ஓடுகிறது என்று மாடலுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஒட்டுவதால் ஒரு புதுத் தொல்லை வரும், அது சுவரில் நன்றாகத் தெரியும். சுவர் மூலத்தின் நிறத்தில் இருக்கிறது. கம்பி இருந்த இடத்துத் துண்டோ விஏஇ தந்த நிறத்தில் இருக்கிறது. பூ வேலை செய்த துணியில் இந்த வித்தியாசம் மறைந்துவிடும். வெறும் சுவரிலும் வானத்திலும் வேறு பெயின்ட் அடித்தது போல நிற்கும். மாஸ்க்கின் ஓரத்தை மங்கலாக்கினால் கோடு மறையும், திட்டு மறையாது.

திட்டைப் போக்க நாம் தூக்கிப் போட்ட அந்த வெளிப்பகுதியே உதவும். மாஸ்க்குக்கு வெளியே மாடல் எதையும் வரையவில்லை. ஆகவே ஒட்டுவதற்கு முந்தைய முடிவுப் படத்தில் அங்கே இருக்கும் நிறத்துக்கும் மூல நிறத்துக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் விஏஇ ஏற்படுத்திய பிசகுதான். மாஸ்க்கை ஒட்டி, நிழலோ ஆளோ இல்லாத சுவர்ப்பகுதியில் சராசரி நிறத்தை இரண்டு படங்களிலும் எடுங்கள். மூலத்தில் 214, 204, 178 என்றும் முடிவில் 211, 205, 183 என்றும் வந்தால், சிவப்பு 3 குறைந்திருக்கிறது, பச்சை 1 கூடியிருக்கிறது, நீலம் 5 கூடியிருக்கிறது. ஒட்டப்போகும் துண்டில் சிவப்பில் 3 கூட்டி, பச்சையில் 1, நீலத்தில் 5 கழித்துவிட்டு ஒட்டினால் சுவர் சேர்ந்துவிடும். பெரிய துண்டாக இருந்து ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் இருட்டுமாக இருந்தால் ஒரே கணக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தாது; அதைச் சின்ன மாஸ்க்குகளாகப் பிரித்துச் செய்வது நல்லது.

கடைசியாக மிஞ்சுவது துகள். பழைய ஃபிலிம் படத்தில் சுவர் முழுவதும் பொடிப்பொடியாகத் துகள் இருக்கும். மாடல் வரைந்த துண்டு வழவழப்பாக இருக்கும். நிறம் அச்சாகப் பொருந்தினாலும் கண் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடும். துண்டின் மேல் மட்டும் லேசாக நாய்ஸ் சேர்த்து, படத்தை நூறு சதவீத அளவில் வைத்துச் சுற்றுச்சுவரோடு ஒப்பிட்டுக் கூட்டிக் குறைக்க வேண்டும்.

ஃப்ளக்ஸ் போன்ற பின்னால் வந்த மாடல்களின் விஏஇ ஒரு கட்டத்துக்கு 4க்குப் பதில் 16 எண்கள் வைத்துக்கொள்கிறது. எழுத்தும் சின்ன முகமும் அதில் எவ்வளவோ நன்றாகத் திரும்பி வருகின்றன. ஆனால் அதிலும் 192 எண்கள் 16க்குள்தான் போகின்றன. பேச்சுவாக்கில் சொன்னால் படத்தை மாற்றித் தரும் புதுக் கருவிகளில் மாஸ்க்கே கிடையாது, படம் முழுவதும் ஒவ்வொரு தடவையும் புதிதாக வரையப்படுகிறது. அவற்றைப் பயன்படுத்தினாலும் மாறிய இடத்துக்கு நீங்களே கையால் ஒரு மாஸ்க் வரைந்து மூலத்தின் மேல் ஒட்டிக்கொள்ளலாம். திரும்பி வந்த படம் ஒன்றிரண்டு பிக்சல் நகர்ந்தோ அளவு மாறியோ இருந்தால் மட்டும் முதலில் அதை மூலத்தோடு நேராக்க வேண்டும். முன்னே சொன்ன Difference லேயரில் ஓரக்கோடுகள் இரட்டையாகத் தெரிந்தால் படம் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.